ஒரே ஃபிளாஸ்க், நான்கு விடைகள்: பாக்டீரியாவின் இரட்டிப்பு நேரத்தைக் கணக்கிடுவது

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் மைக்ரோபயாலஜி பிராக்டிகல் எடுக்கிறேன். வளர்ச்சிக் கோட்டுப் பரிசோதனை நடக்கும் நாளில் வழக்கமாக ஒரு வேடிக்கை நடக்கும். கல்சர் ஒன்று, மீட்டர் ஒன்று, ரீடிங்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு எல்லோரும் அதைத்தான் காப்பி பண்ணுகிறார்கள். ஆனால் கடைசியில் இரட்டிப்பு நேரம் என்ன என்று கேட்டால் ஒரு குழு 30 நிமிடம் என்கிறது, அடுத்தது 41, இன்னொன்று 40, கடைசி பெஞ்ச் 68. எல்லோருமே கால்குலேட்டரைச் சரியாகத்தான் தட்டியிருப்பார்கள்.

இந்த நான்கு எண்களும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிட்டால் வளர்ச்சிக் கோடு புரிந்துவிடும். அதற்கு முன், அந்த மீட்டர் எதைத்தான் அளக்கிறது என்று தெரிய வேண்டும்.

மீட்டர் எண்ணுவதில்லை

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டருக்குள் ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப் பக்கம் ஒளியை உணரும் டிடெக்டர், நடுவில் கல்சரை ஊற்றி வைக்கிற சின்னப் பாத்திரமான குவெட். குவெட்டுக்குள் வெறும் நீர் இருந்தால் ஒளி நேராகப் போய்ச் சேரும். பாக்டீரியா இருந்தால் ஒளி அவற்றின் மேல் பட்டு அங்கும் இங்கும் சிதறும். டிடெக்டருக்குப் போகிற ஒளி குறையும். போகிப் பண்டிகைக் காலையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வருகிற பஸ்ஸின் ஹெட்லைட் பக்கத்தில் வரும்வரை தெரியாது, பார்த்திருப்பீர்கள். புகை அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதில்லை, திசை மாற்றிவிடுகிறது. கலங்கிய கல்சரிலும் அதேதான்.

குறைந்துபோன ஒளியை மீட்டர் ஒரு மடக்கை எண்ணாகக் காட்டுகிறது. அதற்குப் பெயர் ஆப்டிகல் டென்சிட்டி, சுருக்கமாக ஓ.டி. அனுப்பிய ஒளியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வந்து சேர்ந்தால் ஓ.டி. 1. நூறில் ஒரு பங்கு வந்தால் ஓ.டி. 2. பாக்டீரியாவுக்குப் பொதுவாக 600 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்துப் பார்ப்போம். வளர்ப்பு ஊடகத்தின் மஞ்சள்-பழுப்பு நிறம் நீல ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சும். 600-இல் அதன் தொந்தரவு குறைவு. செல்லும் அந்த அலைநீளத்தில் பெரிதாக எதையும் உறிஞ்சாது. ஆகவே நாம் பார்ப்பது பெரும்பாலும் சிதறலைத்தான். கலரிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால் 600 அல்லது 620 ஃபில்டர் போட்டுக்கொண்டால் போதும்.

ஆக, மீட்டர் செல்களை எண்ணவில்லை, கலங்கலை அளக்கிறது. கலங்கல் குறைவாக இருக்கும்வரை செல் இரண்டு மடங்கானால் ஓ.டி.யும் இரண்டு மடங்காகும். நமக்குத் தேவை அந்த விகிதம் மட்டும்தான். ஈ.கோலைக்கு ஓ.டி. 1 என்றால் ஒரு மில்லியில் சுமார் 80 கோடி செல் என்று சொல்வார்கள். தோராயமாக ஒரு மனக்கணக்குப் போட அது சரி. ஆனால் வேறு கம்பெனி மீட்டரில் அதே குவெட்டை வைத்தால் வேறு எண் காட்டும். டிடெக்டர் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிதறிய ஒளியில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். இரட்டிப்பு நேரத்துக்கு இதனால் பிரச்சினை இல்லை. ஒரே மீட்டரில் எடுத்த இரண்டு ரீடிங்கை வகுக்கும்போது அந்த வித்தியாசம் அடிபட்டுப் போய்விடும்.

ஃபிளாஸ்க்கைத் தயார் செய்வது

நாங்கள் எடுப்பது ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் தீங்கில்லாத ஈ.கோலை கே-12 வகை. 250 மில்லி ஃபிளாஸ்க்கில் 50 மில்லி நியூட்ரியண்ட் பிராத். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை, காற்று கலக்க இடம் வேண்டும். முந்தைய நாள் சாயங்காலம் போட்டுவைத்த கல்சர் காலையில் ஓ.டி. 1.5 அளவில் நிற்கும். அதிலிருந்து சுமார் 0.7 மில்லியை 50 மில்லிக்குள் விட்டால் ஆரம்ப ஓ.டி. 0.02 வரும். பிறகு 37 டிகிரி ஷேக்கரில், நிமிடத்துக்கு 150 முதல் 180 சுற்று. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லி எடுத்து அளப்போம்.

ரீடிங் இடைவெளி இரட்டிப்பு நேரத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். ஈ.கோலைக்கு 20 நிமிடம் சரி. காசநோய்க் கிருமி இரட்டிப்பாக ஒரு நாளை ஒட்டி ஆகும். அதற்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது வேலையற்ற வேலை.

பிளாங்க் என்பது கல்சர் விடாத அதே பிராத். இதில் எங்கள் பக்கத்து லேபுகளுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. பிளாங்க்குக்கான பிராத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே குவெட்டில் ஊற்றினால், கடற்கரையோரப் புழுக்கத்தில் ஒரே நிமிடத்தில் குவெட்டின் வெளிப்பக்கம் பனி படிந்துவிடும். மீட்டர் அந்தப் பனியையும் சேர்த்து அளந்து, பிளாங்க் 0.05-க்குப் பதில் 0.09 என்று காட்டும். ரீடிங் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே போனால் பனி என்று அர்த்தம். பிராத்தை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குவெட்டின் வழவழப்பான பக்கத்தை விரலால் தொடாமல், டிஷ்யூவால் துடைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் வையுங்கள். மீட்டரை ஆன் செய்து கால் மணி நேரமாவது விளக்கு சூடாகட்டும்.

எண்கள்

எங்கள் வகுப்பில் வழக்கமாக வருகிற மாதிரி ஒரு அட்டவணை கீழே. மீட்டரை காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் ஆக்கியிருக்கிறோம். பிராத் மட்டும் வைத்தால் 0.050 காட்டுகிறது. அதைக் கழித்தது மூன்றாவது பத்தி.

| நிமிடம் | மீட்டர் காட்டியது | பிளாங்க் கழித்தது |
|---|---|---|
| 0 | 0.070 | 0.020 |
| 20 | 0.071 | 0.021 |
| 40 | 0.075 | 0.025 |
| 60 | 0.086 | 0.036 |
| 80 | 0.106 | 0.056 |
| 100 | 0.140 | 0.090 |
| 120 | 0.194 | 0.144 |
| 140 | 0.279 | 0.229 |
| 160 | 0.416 | 0.366 |

160-க்குப் பிறகு கல்சரை அப்படியே வைக்காமல், 0.25 மில்லி கல்சரோடு 0.75 மில்லி பிராத் சேர்த்து நான்கு மடங்கு நீர்த்து அளந்தோம். பிளாங்க்கைக் கழித்து, பிறகு நான்கால் பெருக்கினால் 180-இல் 0.572, 200-இல் 0.82, 220-இல் 1.08, 240-இல் 1.28. ஐந்து மணி நேரத்தில் 1.48, ஆறு மணி நேரத்தில் 1.50.

கழிப்பது முதலில், பெருக்குவது அப்புறம். மாற்றிச் செய்தால் பிளாங்க்கும் நான்கு மடங்காகிவிடும்.

நீர்க்காமல் அளந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். ஐந்தாவது மணி நேரத்தில் அதே கல்சரை நேராக வைத்தால் இப்படிப்பட்ட மீட்டரில் 1.1 பக்கம்தான் வரும். செல்கள் நெருக்கமாகிவிட்டால் ஒரு செல் சிதறடித்த ஒளியை இன்னொரு செல் மறுபடி சிதறடித்து டிடெக்டர் பக்கமே திருப்பிவிடும். மீட்டர் ஏமாந்து குறைவாகக் காட்டும். ஓ.டி. 0.4 தாண்டியதும் நீர்க்க ஆரம்பித்துவிடுவது என் பழக்கம். இல்லையென்றால் கல்சர் இன்னும் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போதே கோடு படுத்துவிட்ட மாதிரி தெரியும்.

கோட்டைப் பார்ப்பது

இந்த எண்களைச் சாதாரண கிராஃப் தாளில் போட்டால் வளைந்து ஏறுகிற ஒரு கோடு வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எங்கே வளர்ச்சி வேகம் பிடித்தது, எங்கே குறைந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. செமி-லாக் தாளில் போடுங்கள். அதில் 0.1-க்கும் 0.2-க்கும் உள்ள உயரமும், 0.2-க்கும் 0.4-க்கும் உள்ள உயரமும் ஒன்றே. ஒரே வேகத்தில் இரட்டிப்பாகிக்கொண்டிருக்கிற கல்சர் அந்தத் தாளில் நேர்கோடாக ஏறும். நாம் தேடுவது அந்த நேர்கோட்டுத் துண்டைத்தான்.

தாள் கையில் இல்லையென்றால் ஒவ்வொரு ரீடிங்கையும் முந்தைய ரீடிங்கால் வகுத்துப் பாருங்கள். 0-விலிருந்து 20-க்கு 1.05. அடுத்து 1.19, 1.44, 1.56. பிறகு 80-லிருந்து 160 வரை நான்கு முறை 1.61, 1.60, 1.59, 1.60. அதற்குப் பின் 1.56, 1.43, 1.32, 1.19 என்று இறங்குகிறது. அந்த 1.6 அப்படியே நிற்கிற இடம்தான் லாக் கட்டம். அதற்கு முன் லேக் கட்டம், அதிலிருந்து வேகம் பிடிக்கும் சிறு இடைவெளி. அதற்குப் பின் வேகம் குறையும் இடைவெளி, கடைசியில் ஸ்டேஷனரி கட்டம். பாடப் புத்தகங்கள் நான்கு கட்டம் என்று நிறுத்திவிடும். பிரெஞ்சு உயிரியலாளர் ஷாக் மோனோ 1949-இல் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டு இடைவெளிகளையும் தனியாகக் கணக்கில் எடுத்து ஆறு கட்டம் என்று பிரித்தார். கணக்குப் போடுகிறவர்களுக்கு மோனோவின் பிரிப்புதான் உதவும், ஏனென்றால் தவறு நடப்பதே அந்த இடைவெளிகளில்.

லேக் கட்டத்தில் பாக்டீரியா சும்மா இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. ராத்திரி முழுக்க வளர்ந்து, உணவு தீர்ந்து நின்றுபோன செல்களைத்தான் புதுப் பிராத்தில் விட்டிருக்கிறோம். அவை ரைபோசோம்களையும் என்சைம்களையும் மறுபடி கட்ட வேண்டும். செல்கள் முதலில் பெரிதாகின்றன, பிறகுதான் பிளக்கின்றன. எதிலிருந்து எடுத்து விடுகிறோம் என்பதைப் பொறுத்து லேக்கின் நீளம் மாறும். லாக் கட்டத்தில் இருக்கும் கல்சரிலிருந்து எடுத்து, அதே மாதிரிப் பிராத்தில், அதே சூட்டில் விட்டால் லேக் அநேகமாகத் தெரியாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் கிடந்த கல்சரை விட்டால் மத்தியானம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

லேக் எவ்வளவு நேரம் என்று ஒரு எண் வேண்டுமானால், லாக் கட்டத்தின் நேர்கோட்டை ஸ்கேல் வைத்துக் கீழ்நோக்கி நீட்டுங்கள். அது ஆரம்ப அளவான 0.02-ஐ எங்கே தொடுகிறதோ அதுதான் லேக் நேரம். நம் கல்சரில் அது சுமார் 36 நிமிடம்.

ஸ்டேஷனரி கட்டத்தில் உணவு குறைந்து, ஆக்சிஜன் போதாமல், கழிவும் சேர்ந்து வளர்ச்சி நின்றுபோகிறது. அதற்கடுத்த இறப்புக் கட்டம்தான் எனக்கு வருஷா வருஷம் தலைவலி. ரெக்கார்டு நோட்டில் ஓ.டி. கோட்டைக் கடைசியில் கீழே இறக்கி வரைந்திருப்பார்கள். ரீடிங் எங்கே என்று கேட்டால், "புக்ல அப்படித்தான் மேடம் இருக்கு" என்பார்கள். புத்தகத்தில் இருப்பது தட்டில் வளர்த்து எண்ணிய உயிருள்ள செல்களின் கோடு. செத்த செல்லும் உடையாமல் இருக்கும்வரை ஒளியைச் சிதறடிக்கும். செல் உடைந்து கரைந்தால்தான் ஓ.டி. இறங்கும். உயிருள்ள செல்கள் குறைந்துகொண்டே வரும்போதும் மீட்டர் அதே 1.5-ஐக் காட்டிக்கொண்டிருக்கலாம். ஓ.டி. மட்டும் எடுத்திருந்தால் கோட்டைக் கடைசி ரீடிங்கோடு நிறுத்திவிடுங்கள்.

30 நிமிடம் எப்படி வந்தது

80-ஆவது நிமிடத்தில் 0.056, 160-இல் 0.366. எத்தனை முறை இரட்டிப்பானது? விகிதம் 0.366 ÷ 0.056 = 6.54. ஒருமுறை இரட்டிப்பானால் 2, இரண்டு முறை என்றால் 4, மூன்று முறை என்றால் 8. ஆக இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில். துல்லியமாகச் சொல்ல மடக்கை வேண்டும்:

```
n  = log10(6.54) / log10(2) = 0.815 / 0.301 = 2.71
Td = 80 / 2.71 = 29.5 நிமிடம்
```

இதையே இயற்கை மடக்கையில் போட்டால் முதலில் வளர்ச்சி வீதம் வரும், அதிலிருந்து இரட்டிப்பு நேரம்:

```
μ  = ln(6.54) / 80 = 1.878 / 80 = 0.0235 (ஒரு நிமிடத்துக்கு)
Td = ln(2) / μ = 0.693 / 0.0235 = 29.5 நிமிடம்
```

முதலும் கடைசியும் மட்டும் எடுத்தால் அந்த இரண்டில் ஒன்று பிசகினாலும் விடை பிசகும். நடுவில் உள்ள மூன்று ரீடிங்கையும் சேர்த்துக்கொள்வது நல்லது. எக்செல்லில் முதல் வரிசை தலைப்பு, A-இல் நிமிடம், B-இல் பிளாங்க் கழித்தது, C-இல் `=LN(B2)` என்று இழுத்துவிட்டால், 80 முதல் 160 வரையிலானவை ஆறாவது வரிசையிலிருந்து பத்தாவது வரை இருக்கும்:

```
=LN(2)/SLOPE(C6:C10,A6:A10)
```

விடை 29.6. கம்ப்யூட்டர் இல்லாமலும் சரிபார்க்கலாம். செமி-லாக் தாளில் வரைந்த நேர்கோடு 0.1-ஐ எப்போது தாண்டுகிறது, 0.2-ஐ எப்போது தாண்டுகிறது என்று பாருங்கள். முதலாவது ஏறத்தாழ 104-ஆவது நிமிடம், அடுத்தது 134. வித்தியாசம் 30. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். வேறு வழியில் போட்ட கணக்கில் பெரிய பிசகு இருந்தால் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

60-ஆவது நிமிட ரீடிங்கையும் ஏன் சேர்க்கவில்லை? அங்கே விகிதம் 1.56-தான், முழு வேகம் இன்னும் வரவில்லை. அது போக, ஓ.டி. 0.03 போன்ற சின்ன எண்ணில் மீட்டர் 0.005 முன்பின் ஆனாலே பதினைந்து சதவீதத்துக்கு மேல் பிழை வந்துவிடும். அதே 0.005, ஓ.டி. 0.3-இல் ஒரு பொருட்டே இல்லை. 0.05-க்கும் 0.4-க்கும் இடைப்பட்ட ரீடிங்குகளைத்தான் நான் நம்புவேன்.

மற்ற மூன்று விடைகள்

41 என்று சொன்ன குழு, பிளாங்க்கைக் கழிக்கவில்லை. அவர்கள் 0.106-ஐயும் 0.416-ஐயும் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். விகிதம் 6.54-லிருந்து 3.92-ஆகச் சுருங்கிவிட்டது, விடை 40.6 நிமிடம். இரண்டு பக்கமும் அதே 0.05-தானே கூடியிருக்கிறது, அதனால் என்ன என்று தோன்றும். கூட்டல் கழித்தல் கணக்காக இருந்தால் அது அடிபட்டிருக்கும். இங்கே நாம் வகுக்கிறோம். 0.056-இல் 0.05 சேர்ந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பு, 0.366-இல் சேர்ந்தால் ஏழில் ஒரு பங்கு.

இந்தத் தவறை அட்டவணையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கழிக்காத எண்களில் அடுத்தடுத்த விகிதம் 1.32, 1.39, 1.44, 1.49. எங்கேயும் நிலையாக நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. லேக் முடிந்து ஒரு மணி நேரம் கழிந்தும் விகிதம் ஏறிக்கொண்டே இருந்தால் பிளாங்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மீட்டரை நீரில் பூஜ்யம் ஆக்கினால் பிறகு கழிக்க வேண்டும். பிராத்திலேயே பூஜ்யம் ஆக்கினால் கழிக்கக் கூடாது. எது செய்தீர்கள் என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.

40 என்று சொன்ன குழு பிளாங்க்கைக் கழித்திருந்தது. ஆனால் 0-விலிருந்து 240 நிமிடம் வரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. 0.020 போய் 1.28 ஆனது 64 மடங்கு, அதாவது ஆறு முறை இரட்டிப்பு. 240-ஐ ஆறால் வகுத்தால் 40. கணக்கு அழகாக வருகிறது, அதனால்தான் அவர்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. இதில் லேக்கில் போன அரை மணி நேரமும் கடைசியில் வேகம் குறைந்த ஒரு மணி நேரமும் கலந்திருக்கிறது. அது நான்கு மணி நேரத்தின் சராசரி. அந்தக் கல்சர் பெரும்பாலான நேரம் 40 நிமிட வேகத்தில் வளரவே இல்லை. நிறைய புள்ளி எடுத்தால் விடை துல்லியமாகும் என்ற பழக்கம் இங்கே நம்மைக் கவிழ்த்துவிடும்.

68 தனி ரகம். கிராஃப் போடும்போது log10 எடுத்திருக்கிறார்கள், சாய்வு 0.0102 வந்திருக்கிறது, அதைக் கொண்டுபோய் ln-க்கு உரிய 0.693-ஐ வகுத்துவிட்டார்கள். log10 எடுத்தால் 0.301, ln எடுத்தால் 0.693. இந்த ஜோடி மாறினால் விடை 2.3 மடங்கு கூடும் அல்லது குறையும். யாராவது 68 என்றோ 13 என்றோ சொன்னால் நான் ரீடிங்கைப் பார்ப்பதே இல்லை, நேராகச் சூத்திரத்தைப் பார்ப்பேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம்: நம் μ மணிக்கு 1.41. இதைப் பார்த்து மணிக்கு 1.41 முறை இரட்டிப்பாகிறது என்று எழுதிவிடுகிறார்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு இரண்டு முறை. 1.41-ஐ 0.693-ஆல் வகுத்தால் அந்த இரண்டு வந்துவிடும்.

புத்தகத்தில் 20 என்று இருக்கிறதே

ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படித்து வந்தவர்களுக்கு 29.6 பார்த்தால் மனசு ஒப்பாது. "மேடம், பத்து நிமிஷம் அதிகமா வருதே, திரும்பப் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்பார்கள். அந்த 20 என்பது சத்து நிறைந்த ஊடகத்தில், 37 டிகிரியில், தாராளமாகக் காற்றோடு வளரும்போது வருகிற எண். ஈஸ்ட் சாறு அதிகம் உள்ள எல்.பி. பிராத்தில் அதை ஒட்டி வரும். நியூட்ரியண்ட் பிராத் அதைவிடச் சத்துக் குறைந்தது. குளுக்கோசும் உப்புகளும் மட்டும் உள்ள ஊடகத்தில் விட்டால் அமினோ அமிலம் முழுவதையும் செல்லே தயாரித்தாக வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சூடு குறைந்தாலும் வேகம் குறையும். ஷேக்கரின் திரையில் 37 என்று இருப்பதை நம்பாமல், தண்ணீர் நிரப்பிய ஒரு ஃபிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்து அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, ஏ.சி. காற்றில் ஃபிளாஸ்க்கை வெளியே வைத்து நிதானமாகப் பிப்பெட் செய்கிற குழுவின் கல்சர் 37-ஐப் பார்த்திருக்கவே மாட்டாது.

ஆக 20 வரவில்லை என்பது தவறுக்கு அடையாளம் இல்லை. அடுத்தடுத்த விகிதம் ஓர் இடத்தில் நிலையாக நின்றதா என்பதுதான் கேள்வி.

சில பாக்டீரியாவுக்கு இந்த முறையே ஒத்துவராது. காசிமேடு துறைமுகத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்க்கலாமா என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு, நல்ல ஆசைதான். ஆனால் அது கொத்துக் கொத்தாக ஒட்டி வளர்கிற ரகமாக இருந்தால், ஒரு கொத்து ஒளிக்கற்றையின் குறுக்கே வரும்போது ரீடிங் எகிறும், அடியில் படிந்தால் இறங்கும். குவெட்டை வைத்த பிறகு ஒரு நிமிடம் எண்ணைக் கவனியுங்கள். அது ஆடிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால் அதற்கு ஓ.டி. வேண்டாம், வேறு வழி பார்க்க வேண்டும்.

கரண்ட் போனால்

நூறாவது நிமிட ரீடிங் எடுத்த பிறகு கரண்ட் போய் ஷேக்கர் கால் மணி நேரம் நின்றுவிட்டது என்று வையுங்கள். குலுக்கல் நின்றால் காற்று குறையும், சூடும் மெல்ல இறங்கும். ஈ.கோலை செத்துவிடாது, ஆனால் வேகம் விழும். 120-இல் 0.144 வர வேண்டிய இடத்தில் 0.112 வருகிறது. ஷேக்கர் மறுபடி ஓடத் தொடங்கியபின் 140-இல் 0.179, 160-இல் 0.286.

பரிசோதனை கெட்டுவிட்டது என்று ஃபிளாஸ்க்கைக் கழுவப் போக வேண்டாம். செமி-லாக் தாளில் போட்டால் ஒரு நேர்கோடு, நடுவில் ஒரு படி, அப்புறம் முதல் கோட்டுக்கு இணையாக வலப்பக்கம் தள்ளி இன்னொரு நேர்கோடு. ஐந்து புள்ளியையும் சேர்த்து எக்செல்லில் போட்டால் 35 நிமிடம் என்று வரும். அது கால் மணி நேரக் கரண்ட் கட்டையும் சேர்த்த எண். 120-லிருந்து 160 வரை மட்டும் எடுங்கள்: 0.286 ÷ 0.112 = 2.55, அதன் ln 0.938, 40 நிமிடத்தில். விடை 29.6. கரண்ட் போவதற்கு முந்தைய இரண்டு புள்ளிகளும் 29-ஐ ஒட்டியே வரும். ரெக்கார்டில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை எடுத்தீர்கள், பிளாங்க் எவ்வளவு, என்ன பிராத், என்ன சூடு, ஷேக்கர் எப்போது நின்று எப்போது ஓடியது என்று எழுதிவிட்டு, இரட்டிப்பு நேரம் சுமார் 30 நிமிடம் என்று போடுங்கள். 29.57 வேண்டாம். இந்த மீட்டருக்கு அவ்வளவு தசமம் தாங்காது.